நடுவில் ஓர் அடுக்கு வெப்பம்

1998 ஜனவரி முதல் வாரத்தில் கனடாவின் மான்ட்ரியால் நகரத்தில் மழை பெய்யத் தொடங்கியது. ஜனவரி என்றால் அங்கே வெண்பனி கொட்ட வேண்டிய மாதம். ஆனால் வானத்திலிருந்து விழுந்தது நீர்த்துளிதான். அது மரக்கிளையில், மின்கம்பியில், கார் கண்ணாடியில், நடைபாதையில் பட்ட இடத்திலேயே நிறமில்லாத கெட்டி ஐஸாக உறைந்தது. அடுத்த துளி அதன்மேல் விழுந்து உறைந்தது. ஜனவரி 5 முதல் 10 வரை விட்டுவிட்டுப் பெய்த இந்த உறைமழையைக் கூட்டிப் பார்த்தால் 80 மணி நேரத்துக்கு மேல் வரும். அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் உறைமழை நேரத்தைப்போல் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே நாட்களில், அதே மேகக் கூட்டத்தின் கீழ், வடக்கே இருந்த ஊர்களில் வெண்பனி பெய்தது. தெற்கே சாதாரண மழை பெய்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட சில இடங்களில் கூரையில் சடசடவென்று மோதித் துள்ளும் சின்னச் சின்ன ஐஸ் மணிகள் விழுந்தன. வட அமெரிக்காவில் இவற்றை ‘ஸ்லீட்’ என்கிறார்கள். நாம் ஐஸ் குறுணை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே மேகம் எப்படி நான்கு விதமாகப் பொழிகிறது? தரை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மைனஸ் 4 டிகிரி குளிரில் வெண்பனியும் பெய்யும், ஐஸ் குறுணையும் பெய்யும், உறைமழையும் பெய்யும். எது பெய்யும் என்பதைத் தரைக்கு மேலே ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு காற்று அடுக்கு முடிவு செய்கிறது.

தொடக்கம் எல்லாவற்றுக்கும் ஐஸ்தான்

குளிர்நாட்டு மேகங்களில் பெரும்பாலான மழை ஐஸாகவே பிறக்கிறது. நம் ஊர் இடிமழையிலும் ஒரு பங்கு அப்படித்தான். தமிழ்நாட்டின் மேல் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரம் சுமார் ஐந்து கிலோமீட்டர். இடிமேகம் அதையும் தாண்டி வளர்கிறது. அங்கே உருவாகும் பனித்துகள்கள் கீழே வரும் வழியில் உருகிவிடுவதால் நமக்கு மழையாக மட்டுமே தெரிகிறது. எப்போதாவது பெரிய கட்டியாக வளர்ந்தவை உருகி முடிவதற்குள் தரைக்கு வந்துவிட்டால், அது ஆலங்கட்டி மழை.

மேகத்துக்குள் இருக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனவுடன் உறைந்துவிடுவதில்லை. நீர் மூலக்கூறுகள் ஐஸாக அடுக்கிக்கொள்ள அவற்றுக்கு ஓர் ஆரம்பப் புள்ளி வேண்டும். களிமண் தூசி, சிலவகை பாக்டீரியா, ஏற்கெனவே இருக்கும் ஒரு துளி ஐஸ் என்று ஏதாவது ஒன்று கருவாக அமைய வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காத தூய நுண்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட நீராகவே தாக்குப்பிடிக்கும். உறைநிலைக்குக் கீழேயும் நீராகவே இருக்கும் இதற்கு மீக்குளிர் நீர் என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பின்பாதி முழுவதும் இதன் கதைதான்.

மேகத்தில் ஆயிரக்கணக்கான மீக்குளிர் துளிகளுக்கு நடுவே ஒரு பனித்துகள் உண்டாகிவிட்டால், அது தன்னைச் சுற்றியிருக்கும் துளிகளின் செலவில் வளர்கிறது. காற்றிலிருக்கும் நீராவியை ஐஸ் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட நீர்த்துளிகள் ஆவியாகும். அந்த ஆவியும் ஐஸில் போய்ப் படியும். மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய குளிரில் இந்த வளர்ச்சி வேகமாக நடந்து, ஆறு கிளை விட்ட அழகான படிகங்கள் உருவாகின்றன. அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு இதழ்களாகத் திரண்டு, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாக இறங்கத் தொடங்குகின்றன.

இந்த இடம் வரை வெண்பனிக்கும் குறுணைக்கும் உறைமழைக்கும் வழி ஒன்றுதான்.

மூன்று டிகிரியில் மாறும் விதி

மேகத்திலிருந்து தரை வரை எல்லா அடுக்கும் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பனியிதழ் மாறாமல் வந்து சேரும். அது வெண்பனி. பூஜ்யத்துக்குக் கீழிருந்த காற்று, தரைக்கு மேலே நல்ல உயரத்திலேயே பூஜ்யத்தைத் தாண்டி, தரை வரை வெப்பமாகவே இருந்தால் இதழ் உருகி மழையாகும். இந்த இரண்டும் சிக்கலில்லாதவை.

சிக்கல் எப்போது வருகிறது என்றால், குளிர்ந்த தரைக்காற்றுக்கும் குளிர்ந்த மேகத்துக்கும் நடுவில் ஒரு வெப்ப அடுக்கு நுழையும்போது. தெற்கிலிருந்து வரும் வெப்பக்காற்று எடை குறைந்தது. தரையோடு ஒட்டிக் கிடக்கும் கனமான குளிர்காற்றை அதனால் எளிதில் தள்ள முடியாது. அதனால் தண்ணீர்மேல் எண்ணெய் ஏறி நிற்பதுபோல அது குளிர்காற்றின்மேல் சரிந்து ஏறுகிறது. இப்போது மேலிருந்து கீழாகப் பார்த்தால் குளிர், வெப்பம், மறுபடி குளிர் என்று மூன்று அடுக்கு.

விழும் பனியிதழ் நடு அடுக்கில் என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த அடுக்கின் உச்ச வெப்பநிலை ஒரு டிகிரிக்குள் இருந்தால் இதழின் ஓரம் மட்டும் ஈரமாகும். கீழ்க் குளிரில் அது மீண்டும் இறுகி, சற்றுக் கனத்த பனியாகவே தரைக்கு வரும்.

உச்ச வெப்பநிலை ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்தால் இதழ் பெருமளவு உருகிவிடும். ஆனால் துளிக்குள்ளே நடுவில் கொஞ்சம் ஐஸ் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம்தான் முக்கியம். கீழ்க் குளிரில் நுழைந்ததும் அதுவே கருவாகி, சுற்றியிருக்கும் நீரை உறைய வைக்கும். தரைக்கு வரும்போது ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள கெட்டி மணியாகியிருக்கும். இதுதான் ஐஸ் குறுணை. இடிமேகத்தின் மேலெழும் காற்றில் வளரும் ஆலங்கட்டிக்கும் இதற்கும் பிறப்பிலேயே தொடர்பில்லை. குறுணை ஒரேயொரு முறை உருகி, ஒரேயொரு முறை உறைந்தது.

உச்ச வெப்பநிலை மூன்று டிகிரியைத் தாண்டி, அந்த அடுக்கும் போதிய தடிமனாக இருந்தால் இதழ் முழுவதும் உருகிப்போகும். உள்ளே துளி ஐஸ்கூட மிஞ்சாது. கருவை இழந்த இந்தத் துளி கீழ்க் குளிருக்குள் நுழைகிறது. இப்போது அதற்கு நேரமும் இல்லை. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழும். கீழ்க் குளிரடுக்கின் உயரம் 500 மீட்டர் என்றால் அதைக் கடக்க ஒன்றேகால் நிமிடம் போதும். அதற்குள் துளி பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்துவிடும், உறைந்திருக்காது. மீக்குளிர் நீராகவே தரையைத் தொடும். அதுதான் உறைமழை.

இந்த மூன்று டிகிரி எல்லைக்கோடு கல்லில் பொறித்ததல்ல. பெரிய இதழ் உருக அதிக நேரம் வேண்டும். சிறிய இதழ் சீக்கிரம் உருகும். முழுதும் உருகிய துளியும், கீழ் அடுக்கு மைனஸ் 10 டிகிரியை ஒட்டிய கடுங்குளிராகவும் தடிமனாகவும் இருந்தால், தரைக்கு வருவதற்குள் உறைந்து குறுணையாகிவிடலாம். ஆனாலும் நடு அடுக்கில் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றிவிடும் என்பது மாறாது.

தொட்டதும் ஏன் உறைகிறது?

வழியெல்லாம் உறையாமல் வந்த துளி, கிளையைத் தொட்டதும் உறைவது எப்படி? அதற்கு இவ்வளவு நேரம் கிடைக்காதிருந்த ஆரம்பப் புள்ளி இப்போது கிடைத்துவிட்டது. கிளையில் ஏற்கெனவே படிந்திருக்கும் ஐஸ்தான் அந்தக் கரு.

ஆனால் ‘தொட்டதும் உறைகிறது’ என்று சொல்வது முழு உண்மையாகாது. ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். மைனஸ் 4 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் நீரைப் பூஜ்யம் டிகிரிக்கு ஏற்ற 4 கலோரி போதும். ஆகவே துளியில் இருபதில் ஒரு பங்கு உறைந்ததுமே, அது வெளிவிட்ட வெப்பம் மொத்தத் துளியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. உறைவது அங்கே நின்றுபோகிறது. மீதி 95 சதவீதம் இன்னும் நீர்தான். அது உறைய வேண்டுமானால் தன் வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றுக்கும் தொட்ட பொருளுக்கும் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

உறைமழையின் கொடுமை இந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது. நீர் அந்த இடைவெளியில் வழிந்து பரவுகிறது. இலையின் நரம்புக்குள்ளும், கார்க் கதவின் இடுக்கிலும், கம்பியின் அடிப்பக்கத்திலும் போய்ப் பிறகு உறைகிறது. காற்றுக் குமிழ் அதிகம் சிக்காததால் ஐஸ் தெளிவாகவும் அடர்த்தியாகவும் இருக்கும். சாலையில் அது படிந்தால் வெறும் ஈரத் தார்ச்சாலை என்றே கண்ணுக்குத் தோன்றும். ஐஸின் வடிவத்தைப் பார்த்தே அன்றைய குளிரைச் சொல்லலாம். கம்பியைச் சுற்றி வழவழப்பான உறையாகப் படிந்திருந்தால் நன்றாகக் குளிர்ந்த காற்று. வரிசையாக ஐஸ் விழுதுகள் தொங்கினால் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்றே கீழே இருந்திருக்கிறது, நீர் வழிந்து சொட்ட நேரம் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

தானாக நிற்க வேண்டியது நிற்கவில்லை

இதே உள்ளுறை வெப்பம் உறைமழைக்கு ஒரு கடிவாளமும் போடுகிறது. நடு அடுக்கில் பனி உருகும்போது ஒவ்வொரு கிராமுக்கும் 80 கலோரியை அந்தக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வெப்ப அடுக்கு மெல்ல ஆறும். கீழே நீர் உறையும்போது அதே 80 கலோரியைத் தரைக்காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். அதனால் குளிரடுக்கு மெல்லச் சூடேறும். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை நோக்கி நகர, மூன்றடுக்கு அமைப்பு குலைந்துபோகும். மழை சாதாரண மழையாகவோ வெண்பனியாகவோ மாறிவிடும். ஆகவே உறைமழை பெரும்பாலும் சில மணி நேரத்தில் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்.

1998இல் அது முடியவில்லை. காரணம் நிலத்தின் அமைப்பு. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. வடக்கே லாரன்ஷியன் மலைகள். தெற்கே அடிரோண்டாக், அப்பலாச்சியன் மலைகள். அந்த வாரம் வடகிழக்கில் ஓர் உயர் அழுத்தப் பகுதி அசையாமல் நின்றது. அங்கிருந்து கடுங்குளிர்க் காற்று பள்ளத்தாக்கு வழியே ஓடிவந்துகொண்டே இருந்தது. உறையும் நீர் எவ்வளவு வெப்பத்தைக் கொடுத்தாலும், புதுக் குளிர்காற்று வந்து அதை அடித்துக்கொண்டு போனது. மேலே அட்லாண்டிக்கில் நின்ற இன்னோர் உயர் அழுத்தப் பகுதியின் ஓரமாக மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமுமான காற்று இடைவிடாமல் ஏறி வந்தது. உருகும் பனி நடு அடுக்கை எவ்வளவு குளிரவைத்தாலும் அதுவும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. மேலும் கீழும் இரண்டு வரவும் நிற்காததால் கடிவாளம் வேலை செய்யவில்லை.

கடைசியில் கணக்கெடுத்தபோது, மான்ட்ரியால் பகுதியில் சுமார் 100 மில்லிமீட்டர், கார்ன்வாலில் 108 மில்லிமீட்டர், தலைநகர் ஆட்டவாவில் 85 மில்லிமீட்டர் அளவுக்கு உறைமழையும் குறுணையும் சிறிது பனியும் சேர்ந்து பெய்திருந்தது.

கம்பிமேல் ஒரு கார்

நூறு மில்லிமீட்டர் மழை நமக்குப் பெரிதல்ல. சென்னையில் ஒரே இரவில் கொட்டிவிட்டுப் போகும். ஆனால் அந்த மழை ஓடிப்போகாமல் விழுந்த இடத்திலேயே தங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மின்கம்பியைச் சுற்றி 15 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஐஸ் படிந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறும் எடை ஏறக்குறைய 1.7 கிலோ. தடிமன் இரண்டு மடங்காகி 30 மில்லிமீட்டர் ஆனால் எடை இரண்டு மடங்கோடு நிற்காது, மீட்டருக்கு 4.7 கிலோ ஆகிவிடும். வெளிச்சுற்று பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு புது மில்லிமீட்டரும் முன்னதைவிட அதிக ஐஸைச் சுமக்கும். இரண்டு கோபுரங்களுக்கு இடையே 300 மீட்டர் என்றால் ஒரு கம்பிமேல் மட்டும் 1.4 டன். அதாவது ஒரு காரின் எடை. ஒரு கோபுரத்தில் இப்படிப் பல கம்பிகள்.

கோபுரம் எடையை மட்டும் தாங்கினால் போதாது. இரண்டு பக்கக் கம்பிகளும் சமமாக இழுக்கும்வரைதான் அது நேராக நிற்கும். ஒரு பக்கம் கம்பி அறுந்தாலோ பக்கத்துக் கோபுரம் சாய்ந்தாலோ, மறுபக்கத்து இழுவை முழுவதும் ஒருபக்கமாக வந்து அதையும் சாய்க்கும். அதன் விழுகை அடுத்ததை இழுக்கும். க்யூபெக் மாகாணத்தில் அப்படித்தான் வரிசை வரிசையாகக் கோபுரங்கள் மடிந்தன. 30,000க்கு மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகள் நடுக்குளிர்காலத்தில் இருளில் மூழ்கின. மான்ட்ரியாலுக்குத் தெற்கே சில ஊர்களில் மின்சாரம் திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. கனடாவில் மட்டும் 25க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மீட்புப் பணிக்கு ராணுவம் வரவேண்டியிருந்தது.

அதன் பிறகு ஹைட்ரோ க்யூபெக் நிறுவனம் தன் உயர் அழுத்தப் பாதைகளில் சில கோபுரங்களுக்கு ஒன்று வீதம், ஒருபக்க இழுவையையும் தாங்கும் கனத்த கோபுரத்தை நட்டது. ஒன்று விழுந்தாலும் சரிவு அந்த இடத்தோடு நின்றுவிடும் என்பது கணக்கு. லெவி என்ற ஊரின் துணைமின் நிலையத்தில், கம்பிகளில் வலுவான நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, அந்தச் சூட்டில் ஐஸை உருக்கும் கருவியையும் நிறுவியது.

முன்கூட்டிச் சொல்வதில் உள்ள சங்கடம்

மூன்றடுக்கு அமைப்பை அறிய வழி, அதற்குள்ளேயே ஒரு வெப்பமானியை அனுப்புவதுதான். உலகம் முழுவதும் நாளுக்கு இரண்டு முறை, ஒரே நேரத்தில், நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து வானிலை பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. சென்னையிலிருந்தும் ஒன்று பறக்கிறது. பலூனில் தொங்கும் சிறு கருவி, ஏறும் வழியில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காற்றழுத்தத்தையும் வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே போகும். அதை வரைபடமாக்கினால், உயரம் கூடக்கூடக் குறைய வேண்டிய வெப்பநிலைக் கோடு ஓரிடத்தில் மட்டும் பூஜ்யத்தைத் தாண்டி வெப்பப் பக்கமாக மூக்கு நீட்டியிருக்கும். வானிலையாளர் முதலில் பார்ப்பது அந்த மூக்கைத்தான்: எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன், கீழே எவ்வளவு குளிர் மிச்சம்.

ஆனால் பலூன்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போகின்றன. நிலையங்களும் தூரந்தூரமாக இருக்கின்றன. மான்ட்ரியாலைச் சுற்றி எடுத்துக்கொண்டால் மானிவாக்கியும் அமெரிக்காவின் அல்பனியும் 200 கிலோமீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட இடத்தை ரேடாரும் கணினி மாதிரிகளும் நிரப்புகின்றன. உருகும் பனியிதழ்மேல் நீர்ப்படலம் பூசியிருப்பதால் அது ரேடார் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும். அந்தப் பளிச்சென்ற பட்டை தெரியும் உயரத்தில் உருகல் நடக்கிறது என்று அறியலாம். ஆனால் தரையை ஒட்டிய சில நூறு மீட்டர் குளிரடுக்கு தொலைவிலுள்ள ரேடாரின் கதிருக்குக் கீழே மறைந்துவிடும். நடு அடுக்கைக் கணினி ஒரு டிகிரி தவறாகக் கணித்தாலும் குறுணை என்ற இடத்தில் உறைமழை வந்துவிடும். இந்த நாடுகளில் ‘பனி, பிறகு குறுணை, பிறகு உறைமழை’ என்று எச்சரிக்கை மழுப்பலாக வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்த வரிசையே வீட்டிலிருப்பவருக்கு ஒரு கருவி. வெப்பக்காற்று தெற்கிலிருந்து மேலேறி நெருங்க நெருங்க, நடு அடுக்கு தடிக்கும். அதனால் தரையில் முதலில் வெண்பனி, அடுத்து குறுணை, அதற்கடுத்து உறைமழை என்று வரும். வெண்பனி பெய்துகொண்டிருக்கும்போது ஜன்னலில் சட் சட்டென்று சத்தம் கேட்டால், மேலே வெப்பம் நுழைந்துவிட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்று, துள்ளும் மணிகள் இல்லாமல் வெறும் ஈரம் தெரிந்தால், நடு அடுக்கில் பனி முழுவதும் உருகத் தொடங்கிவிட்டது. சத்தம் அடங்கியதால் ஆபத்து விலகியது என்று எண்ணிக் காரை எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. வெளியே தொங்கும் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே காட்டும்வரை அந்த ஈரத்தை ஐஸ் என்றே எண்ண வேண்டும்.

2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் டொரன்டோ நகரத்துக்கு இதே வரிசையில் ஓர் உறைமழை வந்தது. நகரத்தில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ பலமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. கிறிஸ்துமஸ் விடுமுறையை வெப்பமூட்டி இல்லாத வீடுகளில் கழித்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட இரவுகளில் உறைமழையைவிட மோசமான ஒன்று வீட்டுக்குள்ளேயே நுழைவதுண்டு. குளிர் தாங்காமல் ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் வைத்தால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். 1998இலும் 2013இலும் அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. அங்கே இருக்கும் உறவினரிடம் உறைமழை எச்சரிக்கை நாளில் பேசினால், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வெளிச் சுவரில் வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது, உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு பேட்டரி இருக்கிறதா?